கிராம மழைமானி: தினசரி அளவுகளைக் கூட்டி மாதக் கணக்கோடு சரிபார்ப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், குந்தா, கூடலூர் பக்கம் கிராமத்திலும் எஸ்டேட்டிலும் கையால் அளக்கும் மழைமானி வைத்துப் பதிவேடு எழுதுகிறவர்களுக்கான பக்கம் இது. கீழே வரும் நவம்பர் மாத அளவுகள் கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றின் மழைக்காலத்தை மனதில் வைத்து, கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. எந்த நிலையத்தின் உண்மைப் பதிவும் அல்ல.

நவம்பருக்கு எங்க ரிஜிஸ்டர்ல ஒரு எண், தாலுகா ஆபீஸ் சீட்டுல ஒரு எண், பேப்பர்ல ஒரு எண். எதோட ஒப்பிடணும்?

முதலில் அந்த எண் எந்த மழைமானியிலிருந்து வந்தது என்று பாருங்கள். நீங்கள் தினமும் போனில் சொன்ன அளவுகளைக் கூட்டித்தான் அலுவலகச் சீட்டு வந்திருக்கிறது என்றால், இரண்டும் ஒரே மழைமானியின் கணக்கு. அது 0.1 மி.மீ. வரை டேலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் தவறு எழுத்திலோ கூட்டலிலோதான் இருக்கிறது, வானத்தில் இல்லை. தேடினால் கட்டாயம் கிடைக்கும்.

பக்கத்து நிலையத்தின் மாத அளவு வேறு மழைமானியுடையது. அதோடு உங்கள் எண் டேலி ஆக வேண்டியதில்லை, மலையில் ஆகவும் ஆகாது. பேப்பரில் வரும் மாவட்டச் சராசரி அதைவிடத் தள்ளி நிற்பது. தேவாலாவும் மசினகுடியும் கொடநாடும் சேர்ந்த சராசரி எந்த ஊரின் மழையும் இல்லை. அதைப் பார்த்து உங்கள் பதிவேட்டில் ஒரு எண்ணையும் மாற்றாதீர்கள்.

காலையில 8.30க்கு அளக்கிறோம். ஆனா மழை பெஞ்சது முந்தின நாள் சாயங்காலம். எந்தத் தேதியில எழுதணும்?

அளந்த தேதியில். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கம் இது: காலை 8.30 மணியோடு முடிகிற 24 மணி நேர மழை, அந்தக் காலையின் தேதிக்கு உரியது. 9ஆம் தேதி மாலை கொட்டித் தீர்த்தாலும் 10ஆம் தேதி காலை அளப்பதால் அது 10ஆம் தேதி மழைதான்.

இதனால் மாதத்தின் எல்லையும் நள்ளிரவில் இல்லை. நவம்பர் கணக்கு என்பது அக்டோபர் 31 காலை 8.30 முதல் நவம்பர் 30 காலை 8.30 வரை. நவம்பர் 30 இரவு பெய்த மழையை டிசம்பர் 1 காலை அளக்கிறீர்கள், அது டிசம்பர் கணக்கில் போகிறது. “நவம்பர் மாசத்து மழைதானே” என்று அதை இழுத்து நவம்பரில் சேர்ப்பதுதான் மாதக் கணக்கு பிசகுவதற்குப் பெரிய காரணம்.

ஊரில் ஒருவர் அளந்த தேதியிலும், அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர் பெய்த தேதியிலும் எழுதினால், பட்டியல் முழுதும் ஒரு நாள் நகர்ந்துவிடும். ஆனால் மாதக் கூட்டலில் அது முழுதாகத் தெரியாது. நடுவில் உள்ள நாட்கள் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. இரண்டு முனையில் மட்டும் வித்தியாசம். நவம்பர் 1 காலை அளவு 0.0, டிசம்பர் 1 காலை அளவு 28.4 என்று வையுங்கள். தேதி நகர்ந்த பட்டியலில் 0.0 வெளியே போய் 28.4 உள்ளே வரும், ஆக மொத்தம் 28.4 கூடும். எனவே வித்தியாசம், “அடுத்த மாதம் 1ஆம் தேதி அளவு கழித்தல் இந்த மாதம் 1ஆம் தேதி அளவு” என்பதோடு சரியாக ஒத்துப்போனால், வேறெங்கும் தேட வேண்டாம். இரண்டு முனையும் வறண்ட நாளாக அமைந்துவிட்டால் மொத்தம் டேலி ஆகும், ஆனால் தேதிகள் எல்லாம் தவறாகவே இருக்கும். ஆகவே மொத்தம் சரியாக இருக்கும் மாதத்திலும் பெரிய மழை பெய்த நாளின் தேதியை மட்டும் இரண்டிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எஸ்டேட்ல 7 மணிக்கே அளந்துட்டு வேலைக்குப் போறாங்க. அதனால மாதக் கணக்கு கெடுமா?

பெரிதாகக் கெடாது. 7 மணிக்கும் 8.30க்கும் இடையில் பெய்வது மறுநாள் கணக்கில் சேரும். முந்தின மாதத்தின் கடைசிக் காலையிலோ இந்த மாதத்தின் கடைசிக் காலையிலோ அந்த ஒன்றரை மணி நேரத்தில் மழை இருந்தால்தான் மொத்தத்தில் வித்தியாசம் வரும். ஒரு நாள் 7, ஒரு நாள் 9 என்று மாறுவதுதான் தொந்தரவு. எந்த நேரமோ, அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தினசரி அளவுகளை எப்படிக் கூட்டினா தப்பு சுலபமா தெரியும்?

முப்பது எண்ணையும் ஒரே மூச்சில் கூட்டாமல் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கூட்டுங்கள்: 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் மாதக் கடைசி. மூன்று துணைக் கூட்டலையும் பதிவேட்டிலேயே எழுதி, பிறகு மொத்தம் போடுங்கள். ஒரு முறை மேலிருந்து கீழாகவும், அடுத்து கீழிருந்து மேலாகவும் கூட்டினால் அதே இடத்தில் அதே தவறு திரும்பாது.

எடுத்துக்காட்டுப் பதிவேடு இது (மி.மீ.). இங்கே எழுதாத தேதிகளில் 0.0.

1 முதல் 10 வரை: 2ஆம் தேதி 4.2, 3ஆம் தேதி 18.6, 5ஆம் தேதி `T` (அளக்க முடியாத தூறல்), 8ஆம் தேதி 11.4, 9ஆம் தேதி 36.8, 10ஆம் தேதி 52.0. கூட்டல் 123.0.

11 முதல் 20 வரை: 11ஆம் தேதி 7.2, 14ஆம் தேதி 2.4, 15ஆம் தேதி 0.8, 16ஆம் தேதி அளக்கவில்லை, 17ஆம் தேதி 23.6 (2 நாள் சேர்த்து), 20ஆம் தேதி 6.4. கூட்டல் 40.4.

21 முதல் 30 வரை: 21ஆம் தேதி `T`, 23ஆம் தேதி 14.2, 24ஆம் தேதி 41.0, 25ஆம் தேதி 9.6, 28ஆம் தேதி 3.0, 30ஆம் தேதி 5.8. கூட்டல் 73.6.

மாத மொத்தம் 237.0 மி.மீ.

நாங்க கூட்டினா 237.0, ஆபீஸ் சீட்டுல 215.2. எங்கே ஆரம்பிச்சுத் தேடுறது?

வித்தியாசம் 21.8. அந்த மாதத்தில் எந்த ஒரு நாளின் அளவும் 21.8 இல்லை, ஆகவே ஒரு நாள் விட்டுப்போனது என்ற எளிய விளக்கம் பொருந்தவில்லை. இப்படி எதோடும் ஒட்டாத எண் வந்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தவறுகள், ஒன்று கூட்டியும் இன்னொன்று குறைத்தும் கலந்திருக்கும். மொத்தத்தை வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. அலுவலகத்தில் தினசரிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதையும் பத்துப் பத்து நாளாகக் கூட்டுங்கள்.

அலுவலகப் பட்டியலில் முதல் பத்து நாள் 124.8 என்று வருகிறது. நம்முடையது 123.0. இங்கே 1.8 கூடுதல். இரண்டாம் பத்து நாள் 16.8, நம்முடையது 40.4. இங்கே 23.6 குறைவு. மூன்றாம் பத்து நாள் இரண்டிலும் 73.6, அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது 23.6 யார் என்று உடனே தெரிகிறது: 17ஆம் தேதி. அங்கே பதிவேட்டில் இருந்தபடியே “23.6 (2 நாள்)” என்று கட்டத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுப்போனது. 1.8க்கு முதல் பத்து நாளில் மழை பெய்த ஐந்து நாட்களை மட்டும் ஒப்பிட்டால் போதும்: 9ஆம் தேதி 36.8 என்பது 38.6 ஆகியிருக்கிறது. போனில் கேட்டு எழுதும்போது இலக்கம் இடம் மாறிப்போவது சகஜம்.

சரிபார்ப்பு: 237.0 − 23.6 + 1.8 = 215.2. சீட்டில் உள்ள எண் அப்படியே வந்துவிட்டது. தவறுகளைக் கண்டுபிடித்த பின் இந்தக் கடைசிக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். வராவிட்டால் இன்னும் ஒரு தவறு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வித்தியாசத்தைப் பார்த்தே என்ன தப்புன்னு ஓரளவு சொல்ல முடியுமா?

பத்து நாள் கூட்டல் வரை சுருக்கிய பிறகு பல நேரம் முடியும். வித்தியாசத்தில் புள்ளியை எடுத்துவிட்டு ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மேலே 1.8 என்பது 18, மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், புள்ளி ஓரிடம் தள்ளிப்போனாலும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். 15ஆம் தேதியின் 0.8 தவறிப்போய் 8.0 என்று ஏறியிருந்தால் வித்தியாசம் 7.2, 72ம் அப்படியே வகுபடும். இது பழைய கணக்குப்பிள்ளைகள் கையாண்ட வழி. வகுபட்டால் அதுதான் தவறு என்று உறுதி இல்லை, ஆனால் வகுபடாவிட்டால் அந்த இரண்டில் ஒன்று தனியாக நடக்கவில்லை என்பது உறுதி.

வித்தியாசம் துல்லியமாக 20.0 அல்லது 40.0 என்றால் சந்தேகம் அளவுக் குடுவை மேல் போக வேண்டும். 20 மி.மீ. வரை கோடு போட்ட குடுவையில் 10ஆம் தேதியின் 52.0 மி.மீ. மழையை மூன்று தடவையாகத்தான் அளக்க முடியும்: 20.0, 20.0, 12.0. கொட்டிக்கொண்டே பேசினால் எத்தனையாவது குடுவை என்பது மறந்துபோகும். ஒவ்வொரு குடுவையையும் கொட்டுவதற்கு முன்பே “20+20+12” என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதும் பழக்கம் இருந்தால், மாதக் கடைசியிலும் திரும்பச் சரிபார்க்கலாம்.

எக்செல்லில போட்டா தானா கூட்டிடுமே, அப்புறம் என்ன சரிபார்க்க?

கூட்டும். ஆனால் எழுத்தாக உள்ள கட்டத்தை `SUM` எச்சரிக்கை இல்லாமல் தாண்டிவிடும். `T`, “–”, “36.8 மி.மீ.”, “23.6 (2 நாள்)” எல்லாம் அதற்கு எழுத்துதான். அதனால் மொத்தத்தோடு எண்ணிக்கையையும் எடுங்கள். முதல் வரி தலைப்பு, `A` தேதி, `B` அளவு, `C` குறிப்பு என்று வைத்தால் நவம்பருக்கு:

```
=SUM(B2:B11)
=SUM(B12:B21)
=SUM(B22:B31)
=COUNT(B2:B31)
=COUNTA(B2:B31)-COUNT(B2:B31)
```

நான்காவது வரி, எண்ணாக உள்ள கட்டங்கள் எத்தனை என்று சொல்லும். ஐந்தாவது வரி, எழுத்தாக ஏறிப்போனவை எத்தனை என்று சொல்லும். அது 0 ஆக இருக்க வேண்டும். மேலே சொன்ன அலுவலகப் பட்டியலில் 5, 16, 17, 21 ஆகிய நான்கு நாட்கள் எழுத்து. எனவே நான்காவது வரியில் 26, ஐந்தாவதில் 4 வரும். அந்த 4ஐப் பார்த்திருந்தால் 17ஆம் தேதி அன்றே பிடிபட்டிருக்கும்.

சரியாக ஏற்றும் முறை: `B` பத்தியில் எண் மட்டும். தூறல் நாளில் 0 போட்டு, `C` பத்தியில் `T` எழுதுங்கள். 17ஆம் தேதிக்கு 23.6, `C`-யில் “2 நாள் சேர்த்து”. 16ஆம் தேதி காலிக் கட்டம், `C`-யில் “அளக்கவில்லை”. இப்போது நான்காவது வரி 29 காட்டும். 30க்கு ஒன்று குறைவது ஏன் என்பது குறிப்பிலேயே இருக்கிறது. வறண்ட நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 போட வேண்டும் என்பதும் இதனால்தான்: மழை இல்லாத நாளும் அளக்காத நாளும் ஒன்றாகிவிடக் கூடாது.

ஞாயித்துக்கிழமை அளக்கலை. திங்கள் காலையில 23.6 இருந்துச்சு. ரெண்டா பிரிச்சு எழுதலாமா?

கூடாது. 11.8, 11.8 என்று பிரித்தால் மாத மொத்தம் மாறாதுதான், ஆனால் பெய்யாத அளவு இரண்டு நாளுக்கும் பதிவாகிவிடும். மொத்தத்தையும் அளந்த நாளில் எழுதி, “2 நாள் சேர்த்து” என்று குறியுங்கள்.

மழை நாட்களின் எண்ணிக்கையில் மட்டும் இது ஒரு சிக்கலைத் தரும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது கணக்கில் மழை நாள். நம் எடுத்துக்காட்டில் 14ஆம் தேதி 2.4 என்பதால் அது சேராது; 28ஆம் தேதி 3.0 சேரும். 23.6ஐ ஒரு நாளாக எண்ணினால் மாதத்தில் 13 மழை நாட்கள். ஆனால் ஞாயிறும் திங்களும் தனித்தனியாக 2.5ஐத் தாண்டியிருந்தால் 14. பதிவேட்டில் 13 என்று எழுதி, “16, 17 சேர்ந்த அளவு” என்று பக்கத்தில் போடுவதுதான் நேர்மையான வழி.

மாத எல்லையில் விட்டுப்போனால் இன்னும் சங்கடம். நவம்பர் 30 அளக்காமல் டிசம்பர் 1 அளந்தால் அந்த நீரில் இரண்டு மாதமும் கலந்திருக்கிறது. அளவு டிசம்பர் 1இல்தான் வரும். நவம்பர் மொத்தத்தின் பக்கத்தில் “30ஆம் தேதி இல்லாமல்” என்று எழுதி முடிக்க வேண்டும். மாதத்தில் வேறு எந்த நாளை விட்டாலும் கடைசிக் காலையையும் முதல் காலையையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைமானி சாய்ந்து கிடந்தது, மாடு தட்டிவிட்டது, பாட்டில் கசிந்தது என்றால் அந்த நாள் காலி. பக்கத்து ஊர் அளவை அதில் நிரப்பாதீர்கள்.

`T`ன்னு பத்து நாள் எழுதியிருக்கு. எல்லாம் சேர்ந்தா ஒரு மி.மீ. ஆவது வராதா?

கூட்டலில் ஒவ்வொன்றும் 0தான். மலையில் மூடுபனி இறங்கும் மாதங்களில் மழையே இல்லாமல் புனல் நனைந்து பாட்டிலில் துளி இறங்கியிருக்கும். அளக்க வந்தால் வந்ததை எழுதி, குறிப்பில் “மூடுபனி” என்று போடுங்கள். அளக்க முடியாத அளவு என்றால் `T`. தொடர்ந்து 0.4, 0.6 என்று மூடுபனி நாளில் வந்தால் மேலே மரக்கிளை நீண்டிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இலையில் கோத்த நீர் சொட்டுவது மழை இல்லை.

எஸ்டேட் கணக்கு இன்ச், சென்ட்டுல இருக்கு. மாத்தும்போது ஒத்து வரலை.

ஒரு இன்ச் 25.4 மி.மீ.; ஒரு இன்ச்சுக்கு 100 சென்ட், ஆக ஒரு சென்ட் 0.254 மி.மீ. நம் 237.0 மி.மீ. என்பது 9 இன்ச் 33 சென்ட். தினசரி அளவை ஒவ்வொன்றாக மாற்றிக் கூட்டினால் கடைசி இலக்கத்தில் சிறு வேறுபாடு வரும், அது பரவாயில்லை. இன்ச்சிலேயே மாதத்தைக் கூட்டிவிட்டு ஒரே தடவை மாற்றுவது மேல்.

ஒத்து வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஒற்றை இலக்கச் சென்ட். “1 இன்ச் 5 சென்ட்” என்பதை 1.5 என்று எழுதிவிடுவார்கள். அது 1.05, மி.மீ.இல் 26.7. 1.5 என்று எடுத்தால் 38.1 ஆகிவிடும், ஒரே நாளில் 11.4 மி.மீ. கூடுதல். பழைய எஸ்டேட் நோட்டைப் பார்க்கும்போது 1.5, 2.3 என்று புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம் உள்ள எண்களை மட்டும் தனியாக வட்டமிட்டு, எழுதியவரையே கேட்டுவிடுவது நல்லது.

பேப்பர்ல தினம் வர்ற செ.மீ. அளவைக் கூட்டினா எங்க மாதக் கணக்கைவிடக் குறையுதே?

செ.மீ.இல் வருவது முழு எண்ணாகச் சுருக்கிய அளவு, அரை செ.மீ.க்குக் குறைந்தது பட்டியலிலேயே வராது. நம் பதிவேட்டையே அப்படிச் சுருக்கினால் 4.2, 2.4, 0.8, 3.0 எல்லாம் காணாமல் போகும், 36.8 என்பது 4 ஆகும், 11.4 என்பது 1 ஆகும். மாதம் முழுதும் கூட்டினால் 23 செ.மீ., அதாவது 230 மி.மீ. உண்மையில் 237.0. செ.மீ. பட்டியலை மாதக் கணக்குக்கு எடுக்காதீர்கள். எந்த நாள் பெருமழை என்று தேதியைச் சரிபார்க்க மட்டும் அது உதவும்.

எங்க கூட்டல் சரி, ஆபீஸ் கூட்டலும் சரி. ஆனா பக்கத்து நிலையத்தைவிட ரொம்பக் குறைவா இருக்கு. மழைமானியே தப்பா?

மலையில் அளவை வைத்து உடனே முடிவுக்கு வர முடியாது. தென்மேற்குப் பருவத்தில் தேவாலா, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் கொட்டும்போது மசினகுடி காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிச் சரிவு வாங்கும்போது கூடலூருக்குப் பங்கு குறைவு. ஆகவே ஒப்பிடுவதானால் அதே சரிவில், கிட்டத்தட்ட அதே உயரத்தில் உள்ள நிலையத்தோடு ஒப்பிடுங்கள். கொடநாடு அருகே உள்ள ஊருக்குக் கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி பொருந்தும், உதகை பொருந்தாது.

ஒப்பிடும்போது முதலில் அளவை விட்டுவிட்டு ஈரநாள், வறண்ட நாள் வரிசையைப் பாருங்கள். சுற்றிலும் மூன்று நிலையத்தில் மழை, உங்களுக்கு மட்டும் 0.0 என்றால் அன்று யாரோ அளக்காமல் 0 போட்டிருக்கலாம், அல்லது புனலில் இலை அடைத்திருக்கலாம். உங்கள் பெருமழை நாட்கள் எல்லாம் மற்றவர்களுடையதைவிட ஒரு நாள் முந்தி நின்றால், நீங்கள் பெய்த தேதியில் எழுதுகிறீர்கள்.

அடுத்து விகிதம். மழை சிறியதோ பெரியதோ, உங்கள் அளவு எப்போதும் ஏறத்தாழ இரண்டு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் குடுவை மாறிப்போயிருக்கிறது. மழைமானிப் புனல் 200 சதுர செ.மீ. வாய் உள்ளதும் உண்டு, 100 சதுர செ.மீ. உள்ளதும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குடுவை. வாயின் உள்விட்டத்தை அளந்தால் 16 செ.மீ.க்கு ஒரு நூலிழை குறைவாக வருவது 200, சுமார் 11.3 செ.மீ. வருவது 100. 200க்கு 20 மி.லி. நீர் ஒரு மி.மீ.; 100க்கு 10 மி.லி. மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் 100 மி.லி. நீரை அளந்து குடுவையில் ஊற்றிப் பாருங்கள். 200க்கான குடுவை 5.0 காட்ட வேண்டும், 100க்கானது 10.0. பழைய எஸ்டேட்களில் 5 இன்ச் வாய் உள்ள சைமன்ஸ் மழைமானி இருக்கும். அதற்கு ஒரு மி.மீ. சுமார் 12.7 மி.லி., வேறு எந்தக் குடுவையும் அதற்குச் சேராது.

விகிதம் முன்பு சரியாக இருந்து ஒரு கட்டத்துக்குப் பின் குறையத் தொடங்கியது என்றால் இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது. இதை ஒரு வரைபடத்தில் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள மூன்று நான்கு நிலையங்களின் மாதச் சராசரியைச் சேர்த்துச் சேர்த்துக் கிடையாகவும், உங்கள் மாத அளவைச் சேர்த்துச் சேர்த்து நெடுக்காகவும் புள்ளி வையுங்கள். இடம் மாறாத வரை புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் போகும். கோடு ஒரு மாதத்தில் மடங்கி, மடங்கிய சாய்விலேயே தொடர்ந்தால், அந்த மாதம் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்: மழைமானியைச் சுவர் ஓரம் நகர்த்தினார்களா, ஆள் மாறியதா, புனல் மாற்றினார்களா. சில்வர் ஓக் வளர்ந்து மறைப்பது மட்டும் ஒரே மாதத்தில் தெரியாது. கோடு மெல்ல வளையும். மரமோ கட்டடமோ தன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். ஒரு மாதப் புள்ளி மட்டும் விலகி அடுத்த மாதம் கோடு பழைய சாய்வுக்கே வந்தால் அது அந்த மாத மழையின் குணம், மழைமானியின் குறை இல்லை.

பெருமழை அன்னைக்கு மட்டும் எங்க அளவு பிந்துது. மத்த நாள் சரியாத்தான் இருக்கு.

பாட்டில் நிரம்பி வழிந்திருக்கும். 200 சதுர செ.மீ. வாய்க்கு 2 லிட்டர் பாட்டில் வைத்தால் 100 மி.மீ. மட்டுமே கொள்ளும், 4 லிட்டருக்கு 200, 10 லிட்டருக்கு 500. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு 10 லிட்டர்கூட ஒரு தடவையில் போதாது. வழிந்த நீர் வெளிக் கூட்டுக்குள் நிற்கும், அதையும் குடுவையால் அளந்து சேர்க்க வேண்டும். பதிவேட்டில் 100.0, 100.2 என்று பாட்டிலின் கொள்ளளவை ஒட்டிய எண் இரண்டு மூன்று தடவை வந்திருந்தால் அந்த நாட்களைச் சந்தேகப்படுங்கள்.

கொட்டும் நாளில் மாலையிலேயே ஒரு தடவை அளந்து கொட்டிவிடுவது நல்லது. மாலை 64.0, காலை 8.30க்கு 48.6 என்றால் மறுநாள் தேதியில் 112.6 ஒரே எண்ணாகப் போக வேண்டும். மாலை எண் முந்தின தேதியில் தங்கிவிடுவதும், அவசரத்தில் காலை எண் மட்டும் போனில் போவதும் அடிக்கடி நடக்கிறது. மாதக் கடைசியில் “64+48.6” என்ற ஓரக் குறிப்பு இருந்தால்தான் பிடிபடும்.

தானியங்கி மழைமானியோடு ஒப்பிடுகிறவர்கள் இதற்கு நேர்மாறானதையும் பார்ப்பார்கள். அதில் சிறு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும். கனமழையில் கவிழும் நேரத்துக்குள் விழும் நீர் எண்ணப்படாமல் போவதால், பெருமழை அன்று அதுதான் குறைத்துக் காட்டும்.

தப்பு கண்டுபிடிச்சாச்சு. ரிஜிஸ்டர்ல எப்படித் திருத்துறது?

பழைய எண்ணை ஒரே கோடு போட்டு அடியுங்கள், அது படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே புதிய எண், பக்கத்தில் சுருக்கொப்பம், திருத்திய தேதி. வெள்ளை மை வேண்டாம், எண்ணின் மேலேயே எழுதுவதும் வேண்டாம். துணைக் கூட்டல், மாத மொத்தம் இரண்டையும் அதே முறையில் திருத்துங்கள். நாளை மட்டும் திருத்திவிட்டு மொத்தத்தை மறந்தால் அடுத்த ஆண்டு இன்னொருவர் இதே வேலையைத் திரும்பச் செய்வார்.

அலுவலகத்துக்கு மாத மொத்தத்தை மட்டும் அனுப்பினால் பயனில்லை. எந்தத் தேதி, அங்கே உள்ள எண், இருக்க வேண்டிய எண் என்று அனுப்புங்கள்: “9.11: 38.6 அல்ல, 36.8. 17.11: 23.6 விட்டுப்போனது, 16, 17 இரண்டு நாள் சேர்த்து. மாத மொத்தம் 237.0.” தவறு உங்கள் பதிவேட்டில்தான் என்றால் அதையும் இதே மாதிரி எழுதி அனுப்ப வேண்டும். கூட்டலுக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக ஒரு நாளின் அளவை மட்டும் ஒருபோதும் தட்டிக் கொட்டிச் சரிசெய்யாதீர்கள். காரணம் தெரியாத வித்தியாசம் என்றால் இரண்டு மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அப்படியே விட்டுவைக்கலாம்.